பில் தேதியிலிருந்து நாளை எண்ணாதீர்கள்

இந்த மார்ச் முடிவுக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கடைகளிலிருந்து வந்த பாக்கிப் பட்டியல்களில் அதே தப்பு. எத்தனை நாள் தாமதம் என்ற கட்டத்தில் இன்றைய தேதியிலிருந்து பில் தேதியைக் கழித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால், "பில் போட்ட நாள்லேருந்துதானே சார் பாக்கி?" என்கிறார்கள். பாக்கி அன்றிலிருந்துதான், ஆனால் தாமதம் அன்றிலிருந்து இல்லை. நீங்களே 60 நாள் கெடு கொடுத்துவிட்டு, 60-வது நாளில் பணம் தர இருப்பவரை இரண்டு மாதம் இழுத்தடித்தவர் என்று எழுதி வைப்பது என்ன நியாயம்?

ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் ஒருவருக்கு நடந்ததைப் பாருங்கள். மதுரை பில்டருக்கு 20-01-2025 அன்று பில், கெடு 60 நாள். பக்கத்து ஊர்க் கடைக்காரருக்கு 20-02-2025 அன்று பில், கெடு 7 நாள்தான். 31-03-2025 அன்று பில் தேதியிலிருந்து எண்ணினால் பில்டர் 70 நாள், கடைக்காரர் 39 நாள். முதலாளி பில்டரைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசிவிட்டார், கடைக்காரரை விட்டுவிட்டார். கெடு தேதியிலிருந்து எண்ணியிருந்தால்? பில்டரின் கெடு 21-03-2025, தாமதம் வெறும் 10 நாள். கடைக்காரரின் கெடு 27-02-2025 அன்றே முடிந்துவிட்டது, தாமதம் 32 நாள். போன் போயிருக்க வேண்டியது யாருக்கு?

எக்செல்லில் ஒவ்வொரு பில்லுக்கும் கெடு எத்தனை நாள் என்பதைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். A-யில் பெயர், B-யில் பில் எண், C-யில் பில் தேதி, D-யில் கெடு எத்தனை நாள் என்ற எண், F-ல் பில் தொகை, G-யில் வரவு, N1-ல் அறிக்கைத் தேதி என்று வைத்துக்கொண்டால் மீதி இவ்வளவுதான், E கெடு தேதி, H மிச்சப் பாக்கி, I தாமத நாள், J எந்தப் பிரிவு என்பது:

```
E2: =C2+D2
H2: =F2-G2
I2: =$N$1-E2
J2: =IF(I2<=0,"கெடு உள்ளது",IF(I2<=30,"1-30 நாள்",IF(I2<=60,"31-60 நாள்",IF(I2<=90,"61-90 நாள்","90-க்கு மேல்"))))
```

கெடு இன்னும் முடியாததை 1-30-க்குள் தள்ளாதீர்கள், அது தாமதமே இல்லை. பிரைவேட் லிமிடெட் நடத்துகிறவர்களுக்கு ஒன்று: கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி பேலன்ஸ் ஷீட்டில் காட்டும் பாக்கி வயதும் கெடு தேதியிலிருந்துதான், கெடு குறிப்பிடாத பில்லுக்கு மட்டுமே பில் தேதியிலிருந்து. உங்கள் வங்கி பில் தேதியிலிருந்து எண்ணித் தரச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள், இதைக் கலைக்காதீர்கள்.

அடுத்தது, மொத்தமாக வரும் பணம். 2,00,000 ரூபாய் பழைய பில், 90 நாளுக்கு மேல். அந்தப் பார்ட்டி மார்ச் 25 அன்று 1,50,000 அனுப்புகிறார். எந்த பில்லுக்கு என்று பார்க்காமல், அதைத் தனி வரியாக, வந்த தேதி போட்டு, மைனஸில் எழுதிவிடுகிறார்கள். இப்போது 90-க்கு மேல் 2,00,000 அப்படியே நிற்கும், 1-30-ல் மைனஸ் 1,50,000 போய் உட்காரும், அங்கே இருக்கும் மற்ற பாக்கிகளையும் சேர்த்துக் குறைத்துவிடும். உண்மையில் பழைய பாக்கி 50,000 மட்டும்தான். கூட்டுத்தொகை லெட்ஜரோடு சரியாக ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, எனக்கு ஆற்றாமையாக இருப்பதும் இதில்தான். மொத்தம் சரி என்றால் பிரிவும் சரி என்று ஆகாது. எந்தக் கட்டத்திலாவது மைனஸ் தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

எந்த பில்லுக்கு என்று பார்ட்டியிடம் கேளுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 59 முதல் 61 வரையான பிரிவுகள் சொல்வதும் இந்த வரிசைதான்: கொடுப்பவர் குறிப்பிட்டால் அதற்கு, குறிப்பிடாவிட்டால் வாங்குபவர் விருப்பப்படி, இருவரும் எதுவும் செய்யாவிட்டால் பழையதிலிருந்து. ஆக, கேட்டும் பதில் வராவிட்டால் பழைய பில்லின் G கட்டத்தில் போடுங்கள். பில் எல்லாம் தீர்ந்தும் பணம் மிஞ்சினால் அது முன்பணம், தனியாகக் காட்டுங்கள்.

அப்புறம், N1-ல் `=TODAY()` போட வேண்டாம். மார்ச் 31 அறிக்கையை ஏப்ரல் 20-ல் திறந்தால் எல்லா பில்லும் 20 நாள் கூடிவிடும். தேதியைக் கையால் அடியுங்கள், அந்தத் தேதிக்குப் பிறகு வந்த வரவை G-யில் சேர்க்காதீர்கள். வேறு இடத்திலிருந்து ஒட்டிய தேதிகளை `=ISNUMBER(C2)` போட்டுப் பாருங்கள், FALSE வந்தால் அது தேதியே அல்ல, வெறும் எழுத்து. தயவுசெய்து, வசூலுக்கு ஆள் அனுப்பும் முன் இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.