ஈர உடம்பில் காற்று பட்டால் ஏன் நடுங்குகிறது?

ஆடி மாதம் பொள்ளாச்சிப் பக்கம் பம்புசெட் தொட்டியில் குளித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இறங்கியதும் தண்ணீர் சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். கரையேறி நின்றால்தான் பல் தந்தியடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று தலைமுடியிலும் ஒட்டிக்கிடக்கும் ஈர டிரவுசரிலும் பட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்துப்போகும். துவட்டி, காய்ந்த துணி உடுத்திக்கொண்டு அதே இடத்தில் நின்றால் அதே காற்று சுகமாக இருக்கும்.

இதில் யோசிக்க வைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்றைவிடத் தண்ணீர்தான் குளிர்ச்சி. 27 டிகிரியில் ஊறிய தோல் 30 டிகிரிக் காற்றுக்கு வந்தால் கொஞ்சம் சூடேற வேண்டும் அல்லவா? ஆனால் குளிர்கிறது. அப்படியானால் குளிரைக் கொண்டுவந்தது காற்று இல்லை. தோலின் மேல் நிற்கும் தண்ணீர்தான் அங்கேயே அதை உண்டாக்குகிறது.

தண்ணீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் இருப்பவற்றில் வேகம் மிகுந்தவை பிய்த்துக்கொண்டு காற்றில் கலந்துவிடும். வேகமானவை போய்விட்டதால் மிச்சமிருக்கும் தண்ணீரின் சராசரி வேகம் குறையும். வேகம் குறைந்தால் வெப்பநிலையும் குறையும். ஒரு கிராம் தண்ணீர் 30 டிகிரியில் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராமைப் பூஜ்யத்திலிருந்து கொதிநிலை வரை சூடாக்க வேண்டிய வெப்பத்தைப்போல இது கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அவ்வளவு வெப்பமும் பக்கத்தில் இருப்பவற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும், அதாவது உங்கள் தோலிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்.

சரி, காற்று வீசினால் ஏன் இது வேகமாக நடக்கிறது? காற்று தண்ணீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் மேற்பரப்பை விட்டு மூலக்கூறுகள் கிளம்பும் வேகம் தண்ணீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் அவை ஒரே அளவில்தான் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. மாறுவது, கிளம்பியவற்றில் எத்தனை திரும்பி வருகின்றன என்பதுதான்.

தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். கிளம்பிய நீராவி அந்தப் படலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவித்தான் வெளியே போக முடியும். காற்றே இல்லாத அறையில் இந்தப் படலம் ஆறேழு மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதற்குள் நீராவி தேங்குவதால் கிளம்பிய மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மறுபடியும் தண்ணீரிலேயே வந்து விழுகின்றன. அப்படி விழும்போது எடுத்துக்கொண்டு போன வெப்பத்தையும் திருப்பித் தந்துவிடுகின்றன. மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று அடித்தாலே போதும், படலம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். நீராவி போக வேண்டிய தூரம் குறைந்து, திரும்பி வருவதும் குறைந்து, நிகரமாக ஆவியாகும் தண்ணீர் மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும்.

ஆனால் காற்றின் வேகத்தை இரட்டித்தால் ஆவியாதலும் இரட்டிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தோராயமாகச் சொன்னால் வேகம் நான்கு மடங்கானால்தான் ஆவியாதல் இரண்டு மடங்காகும். அதனால்தான் மின்விசிறியை நிறுத்தி வைத்திருப்பதற்கும் ஒன்றாம் எண்ணில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே தெரிவதில்லை.

இப்போது பம்புசெட்டுக்கே திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், ஈரத்தோல் 27 டிகிரி. மெல்லிய காற்று வீசும்போது ஒரு சதுர மீட்டர் ஈரத்தோலிலிருந்து ஆவியாதல் பறிக்கும் வெப்பம் சுமார் 350 வாட். காற்று தோலைவிடச் சூடாக இருப்பதால் அது ஒரு 45 வாட் திருப்பித் தருகிறது. மிச்சம் 300 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே உடம்பின் கணக்கிலிருந்து போகிறது. காற்று இல்லாவிட்டால் இது 80 வாட்டைச் சுற்றி நிற்கும். சும்மா இருக்கும்போது நம் உடம்பு உண்டாக்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 60 வாட் அளவுதான். காற்று இல்லாத இடத்தில் வரவும் செலவும் ஓரளவு ஒட்டிப்போகின்றன. காற்றடித்தால் செலவு வரவைப்போல ஐந்து மடங்கு. நடுக்கம் எடுப்பதில் வியப்பே இல்லை. நடுங்குவது தசைகளை வேலை வாங்கிக் கூடுதல் வெப்பம் உண்டாக்க உடம்பு எடுக்கும் முயற்சி.

இந்த இறக்கத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு. இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சாதாரண வெப்பமானியை எடுத்து மேஜை விசிறிக்கு முன்னால் வையுங்கள். எவ்வளவு நேரம் காற்றடித்தாலும் அது காட்டும் எண் இறங்காது. காற்று வெறுமனே வீசுவதால் உலர்ந்த பொருள் காற்றைவிடக் குளிர்ந்துபோவதில்லை. அப்புறம் வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரமான பழைய வேட்டித் துணியைக் கட்டி மறுபடியும் விசிறிக்கு முன்னால் வையுங்கள். சில நிமிடங்களில் எண் சரசரவென்று இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். நாம் கணக்கிட்ட அந்த 30 டிகிரி, 50 சதவீத நாளில் அது நிற்கும் இடம் ஏறக்குறைய 22 டிகிரி. இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வானிலை நிலையங்களில் காற்றின் ஈரப்பதத்தை அளக்க நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முறையும் இதுதான்.

நின்ற பிறகு விசிறியின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அது மேற்கொண்டு இறங்காது. காற்று கூடும்போது ஆவியாதல் கூடுகிறது, காற்றிலிருந்து துணிக்கு வந்து சேரும் வெப்பமும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடம் மாறுவதில்லை. துணி காயத் தொடங்கினால் மட்டும் எண் மெல்ல ஏறும்.

நம் தோல் இந்த 22 டிகிரிக்குப் போய்ச் சேருவதில்லை. உள்ளிருந்து இரத்தம் வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் உடம்பு தோலை மேலே இழுக்கிறது, இன்னொரு பக்கம் ஈரம் 22-ஐ நோக்கிக் கீழே இழுக்கிறது. காற்று கூடும்போதெல்லாம் ஈரத்தின் கை ஓங்குகிறது. 22 என்பது தொட்டித் தண்ணீரைவிட ஐந்து டிகிரி குறைவு. கரையேறியதும் குளிர்வதன் காரணம் முழுக்க இந்த ஐந்து டிகிரிக்குள் இருக்கிறது.

தண்ணீருக்குப் பதிலாக இன்னும் வேகமாக ஆவியாகும் திரவம் இருந்தால் என்ன ஆகும்? 1758-இல் கேம்பிரிட்ஜில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஜான் ஹேட்லியும் இதைச் செய்து பார்த்தார்கள். வெப்பமானியின் குமிழை ஈதரால் திரும்பத் திரும்ப நனைத்துத் துருத்தியால் காற்றடித்தார்கள். அறையின் வெப்பநிலை 18 டிகிரி. வெப்பமானி இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரி வரை போனது. குமிழைச் சுற்றிப் பனிக்கட்டி படிந்தது. துருத்தியிலிருந்து வந்தது அதே அறைக் காற்றுதான்.

காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் இந்த அடிமட்டம் உயர்ந்துவிடும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை 27 டிகிரிக்கு வந்துவிடும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் ஏறிய நாட்களில் குளித்துவிட்டு வந்தால் அவ்வளவாகக் குளிராததும், கொடியில் போட்ட துணி சாயங்காலம்வரை காயாததும் இதனால்தான்.

தலைமுடி விஷயம் கொஞ்சம் வேறு. உலர்ந்த முடி தனக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு தலைக்குக் கம்பளம்போல இருக்கிறது. நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அந்தக் காற்று போய்விடும், இழைகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும். நீளமான அடர்ந்த கூந்தலில் துவட்டிய பிறகும் 100 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று கொள்வோம். அது முழுவதும் ஆவியாக வேண்டிய வெப்பம் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பிலிருந்தே வர வேண்டுமென்றால் அவர் உடம்பின் வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். நல்லவேளையாக அப்படி நடப்பதில்லை. முதுகுப்பக்கம் விரித்துவிட்ட கூந்தலுக்கு வேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கைக் காற்றே கொடுத்துவிடுகிறது. வேர்க்கால்களிலும் பிடரியிலும் மட்டும்தான் நாம் கொடுக்கிறோம், குளிர்வதும் அங்கேதான். கூந்தலை உதறிப் பிரித்துவிட்டால் காற்று படும் பரப்பு கூடும், முடி தோலைத் தொடும் இடம் குறையும். சீக்கிரம் காயும், குளிரும் குறையும்.

ஹேர் டிரையர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சூடான காற்று படும்போதும் முடி ஈரமாக இருக்கும்வரை தொட்டால் சுடாது, வரும் வெப்பத்தை ஆவியாதல் எடுத்துக்கொண்டே போகும். தண்ணீர் தீரும் தறுவாயில் அந்த இடம் திடீரென்று சுடத் தொடங்கும். டிரையரை அடுத்த இடத்துக்கு நகர்த்த அதுதான் சரியான நேரம்.

நீச்சல் உடை தோலோடு ஒட்டியே இருப்பதால் அது ஆவியாக்கும் தண்ணீருக்கான வெப்பம் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் போகிறது. நைலான், பாலியெஸ்டர் துணிகள் குறைவாகவே தண்ணீர் பிடிக்கும், பத்திருபது நிமிடம் காற்றடித்தால் பெரும்பாலும் காய்ந்துவிடும். பருத்தி பனியனும் டிரவுசரும் அப்படியில்லை. இழைக்குள்ளும் மடிப்புகளிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு நெடுநேரம் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். பிழிந்தோ துவாலையால் ஒற்றியோ எடுக்கும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஆவியாகாமலே போய்விடுகிறது, அதனால் ஒவ்வொன்றுக்கும் 2,430 ஜூல் மிச்சம்.

குழந்தைகளிடம் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாக நடந்துகொள்ளும். 20 கிலோ குழந்தைக்கு எடை 60 கிலோ பெரியவருடையதில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் தோலின் பரப்பு ஏறக்குறைய பாதி. வெப்பத்தைச் சேமித்து வைக்கும் உடம்பு சிறியது, இழக்கும் பரப்பு அதற்குப் பெரியது. அதனால் பிள்ளைகளின் உதடு நமக்கு முன்பே நீலம் பூத்துவிடும். முதலில் காற்று படாத மறைவுக்குக் கூட்டிப்போங்கள், அங்கே ஈர உடையைக் கழற்றித் தலையிலிருந்து துவட்டுங்கள். ஈர உடைக்கு மேலேயே துவாலையைச் சுற்றி வெயிலில் நிறுத்துவதைவிட இது சீக்கிரம் நடுக்கத்தை நிறுத்தும்.