நகம் பதிந்திருந்தால் நாய், இல்லையென்றால் சிறுத்தையா?

போன வாரம் சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வாழைக்கு நீர் பாய்ச்சிய சேற்றில் ஒரு கால்தடம். "நாலு விரல், நகமே இல்லை, சிறுத்தைதான் சார்" என்று எழுதியிருந்தார்கள். நான் பதில் போடுவதற்குள் படம் ஊர் முழுக்கப் பரவி, சாயங்காலம் யாரும் பிள்ளைகளை வெளியே விடவில்லை. அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். அது நாய்த் தடம்.

முதலில் விரல் எண்ணிக்கை. நாய், நரி, செந்நாய், கழுதைப்புலி, காட்டுப்பூனை, சிறுத்தை, புலி எல்லாமே மண்ணில் நாலு விரல்தான் பதிக்கும். கழுதைப்புலிக்கு இருப்பதே நாலு விரல், மற்றவற்றுக்கு முன்னங்காலின் ஐந்தாவது விரல் மேலே இருப்பதால் தரையைத் தொடாது. அதனால் நாலு விரலை எண்ணிவிட்டுச் சிறுத்தை என்று சொல்ல முடியாது. ஐந்து விரல் இருந்தால்தான் எண்ணிக்கை உதவும். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் இருந்து, விரல்களுக்கு வெகுதூரம் முன்னால் நீண்ட நகக்குத்துகள் இருந்தால் அது கரடி.

இனி நகம். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாயால் இழுக்க முடியாது. இது உண்மைதான். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு சொல்வதுதான் எனக்குத் தாங்க முடியாத தவறு. தளதளவென்ற சேற்றில் நாயின் நகம் போட்ட மெல்லிய கீறல் உடனே மூடிக்கொள்ளும். கெட்டித் தரையில் படிந்த மெல்லிய புழுதியில் நகம் பதியாமலே போகும். மணல் சரிந்து குழியை நிரப்பிவிடும். சில நேரம் முன்னங்கால் தடத்தின் மேலேயே பின்னங்கால் விழுந்து நக அடையாளத்தை அழித்துவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கிறது. வழுக்கும் களிமண் சரிவில் ஏறும் சிறுத்தை, பிடிமானத்துக்காக நகத்தை வெளியே நீட்டும். அப்படி ஒரு தடத்தை "நகம் இருக்கு, நாய்தான்" என்று ஒதுக்கிய வீட்டில் மறுநாள் இரவே ஆடு போனது. தப்பாகப் பயப்படுவதைவிட, தப்பாக நிம்மதி அடைவதுதான் எனக்குக் கவலை.

சரி, வேறு எதைப் பார்ப்பது? நடுவில் இருக்கும் பெரிய மெத்தையை. சிறுத்தையின் மெத்தை, விரல்களோடு ஒப்பிட்டால் அகலமானது. அதன் பின்விளிம்பில் மூன்று மடிப்புகள் தெரியும். விரல்களில் நடு இரண்டில் ஒன்று சற்று முன்னே தள்ளி நிற்பதால், தடத்தின் இடது பாதியும் வலது பாதியும் ஒத்துப்போகாது. நாயின் மெத்தை சிறியது, ஏறக்குறைய முக்கோணம். நடு விரல்கள் இரண்டும் சமமாக முன்னால், ஓர விரல்கள் இரண்டும் சமமாகப் பின்னால் இருக்கும். விரல்களுக்கும் மெத்தைக்கும் இடையே பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் போடலாம், எதையும் தொடாது.

அந்த வாழைத்தோட்டத்தில் படத்திலிருந்த தடம் 9 சென்டிமீட்டர் அகலம். சேறு பிதுங்கியதால் வந்த அளவு அது. குழியின் அடித்தளத்தை அளந்தால் 7 கூட இல்லை. வளர்ந்த சிறுத்தைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும், ஆகவே அளவும் கைகொடுக்கவில்லை. தடத்தைத் தொடர்ந்து வரப்புக்கு ஏறினேன். அங்கே மண் கெட்டி. அதே கால், நாலு நகமும் பளிச்சென்று, நடு விரல்கள் சமமாக. நடையும் நாயைத்தான் காட்டியது. வாய்க்கால் ஓரம் போய், திரும்பி, ஒரு வாழையைச் சுற்றி, மறுபடி வந்திருந்தது. சிறுத்தை பெரும்பாலும் ஒரே கோட்டில் நிதானமாக நடக்கும். முன்னங்கால் வைத்த இடத்திலோ அதை ஒட்டியோ பின்னங்காலை வைக்கும். ஆனால் நரியும் நேராகப் போகும், ஆகவே நடையை மட்டும் வைத்தும் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

புலிக் கணக்கெடுப்பையே பல ஆண்டுகள் கால்தடத்தை வைத்துத்தான் செய்தோம். 2006 முதல் தானியங்கிக் கேமராவுக்கு மாறியதற்கு, தடத்தை வைத்துத் தனித்தனிப் புலியை நம்பகமாகப் பிரித்தறிய முடியாததும் ஒரு காரணம். பழகிய கண்ணே தடுமாறுகிற இடத்தில், ஒற்றைப் படத்தை மட்டும் அனுப்பி என்னிடம் தீர்ப்பு கேட்காதீர்கள்.

அனுப்புவதானால் தடத்துக்கு நேர் மேலே நின்று எடுங்கள். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். உச்சி வெயிலில் எடுத்தால் ஆழமே தெரியாது, காலையிலோ மாலையிலோ எடுங்கள். அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று, அடுத்த ஐந்தாறு தடங்களும் ஒரே படத்தில் வருமாறு இன்னொன்று. வரப்பிலோ வண்டிப்பாதையிலோ கெட்டி மண்ணில் ஒரு தடம் கிடைத்தால் அதுதான் முக்கியம். கூட்டம் கூடி மிதிக்கவிடாதீர்கள். மழை வருவதுபோல இருந்தால் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடிவையுங்கள்.

பதில் வரும்வரை ஆட்டையும் கன்றையும் கதவுள்ள கொட்டகையில் அடையுங்கள், இருட்டில் தனியாக நீர் பாய்ச்சப் போகாதீர்கள். தயவுசெய்து கம்பிச் சுருக்கு மட்டும் வைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சுருக்கில் மாட்டிய சிறுத்தையை உயிரோடு மீட்பதும் சுலபமில்லை, அதன் அருகே போகிறவர் பிழைப்பதும் நிச்சயமில்லை.