ஒரு வாரிசிடம் மட்டும் குடும்ப வீட்டை வாங்குகிறவர்களுக்கு

சேலம் உரிமையியல் நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறவன் நான். "சார், பத்திரம் என் பேர்ல இருக்கு, பதிவும் ஆயிடுச்சு, ஆனா வீட்டுக்குள்ள விடமாட்டேங்கிறாங்க" என்று பத்திரமும் கையுமாக வருகிறவர்கள் குறையவே இல்லை. போன வாரமும் ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். முன்பணம் கொடுப்பதற்கு முன் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் பேச்சு அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சேலம் குகைப் பகுதியில் கிழக்குப் பார்த்த ஒரு நெசவாளர் வீடு. தென்வடல் 20 அடி, கிழமேல் 60 அடி, ஆக 1,200 சதுர அடி. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள் என நான்கு பேரும் வாரிசுகள். ஆளுக்குக் கால் பாகம். கடனில் சிக்கிய இளைய மகன், யாரிடமும் சொல்லாமல் தன் பாகத்தை 18 லட்சத்துக்கு விற்றார். வாங்கியவர் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து அதற்கு மேல் 1,62,000 ரூபாய் கட்டினார்.

பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "பொதுவில் கால் பாகம்" என்று இல்லை. கிழக்கே வீதி, மேற்கே மீதி வீடு என்று எல்லை காட்டி, "கிழமேல் இருபுறமும் 15 அடி, தென்வடல் இருபுறமும் 20 அடி, ஆக 300 சதுர அடி" என்று செக்குபந்தி போட்டிருந்தது. கணக்கு சரிதான், 1,200-இல் கால் பங்கு 300. ஆனால் அந்த 15 அடியில்தான் அம்மாவின் தறிக்குழி இருக்கிறது. வீட்டுக்குத் தெருவிலிருந்து நுழையும் ஒரே வாசலும் அங்கேதான்.

அம்மா ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த நாளில் வாங்கியவர் ஆளோடு வந்து முன்னறைக்குப் பூட்டுப் போட்டார். "என் 300 சதுர அடி, நான் பூட்டுகிறேன்" என்றார். என்னை எரிச்சல்படுத்துவது இந்த ஒரு வாக்கியம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாகம் பிரியாத வீட்டில் எந்த வாரிசுக்கும் தனி அறை கிடையாது. இளைய மகனுக்கு இருந்தது மொத்த வீட்டிலும் கால் பங்கு. தறிக்குழியில் கால், அடுப்படியில் கால், கழிவறையில் கால், கூரையில் கால். முன்னறை முழுதும் அவருடையது என்று எந்த நாளிலும் இருந்ததில்லை. தன்னிடம் இல்லாததை அவர் எப்படி விற்க முடியும்? பத்திர எழுத்தர் டேப் பிடித்து அளந்து எழுதினால் அறை பிரிந்துவிடாது. சார்பதிவாளர் பதிந்தாலும் பிரியாது. மற்ற மூன்று பேர் கையெழுத்தில்லாமல் போட்ட செக்குபந்தி அவர்களைக் கட்டுப்படுத்தாது. அதற்காகப் பத்திரமே செல்லாது என்று அர்த்தமில்லை. விற்றவருக்கு இருந்த கால் பாகம் அளவுக்கு அது செல்லும். அந்தக் கால் எங்கே விழும் என்பது பாகப்பிரிவினையில்தான் தெரியும். முன்னறையையே எனக்கு ஒதுக்குங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். மற்றவர்களுக்குப் பாதகம் இல்லையென்றால் கிடைக்கவும் கூடும். ஆனால் பின்னால் இருக்கும் 45 அடிக்கு வழியே இல்லாமல் செய்யும் ஒரு பிரிவினைக்கு எந்த நீதிபதி சம்மதிப்பார்?

"சரி சார், அறை வேண்டாம். கால் பாகக்காரனாக நானும் அவர்களோடு சேர்ந்து உள்ளே இருக்கலாமே?" இது அடுத்த கேள்வி. இருக்க முடியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 44-வது பிரிவைப் படியுங்கள். அதன் முதல் பத்தி, ஒரு கூட்டு உரிமையாளரிடம் வாங்கியவருக்குக் கூட்டு அனுபவமும், அதாவது மற்றவர்களோடு சேர்ந்து சொத்தில் இருந்து புழங்கும் உரிமையும், பிரிவினை கேட்கும் உரிமையும் உண்டு என்கிறது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது பத்தி, பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீடாக இருந்து, வாங்கியவர் அந்தக் குடும்பத்தைச் சேராதவராக இருந்தால், இந்தப் பிரிவின்படி அவருக்குக் கூட்டு அனுபவம் கிடையாது என்கிறது. பகுதி அனுபவம்கூடக் கிடையாது. பெண்டு பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்குள் அந்நியர் வந்து உட்காரக் கூடாது என்பதுதான் நோக்கம்.

"அவர்கள் அடுப்பு தனித்தனி, ரேஷன் கார்டு தனித்தனி, அது கூட்டுக் குடும்பமே இல்லை" என்று இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது வீடு பிரிந்திருக்கிறதா என்பதை. சமையல் பிரிந்ததா என்பதை அல்ல. இது இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு மட்டுமான சட்டமும் இல்லை. 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தோராப் கவாஸ்ஜி வார்டன் வழக்கு ஒரு பார்சி குடும்பத்து வீட்டைப் பற்றியது. பாகத்தை வாங்கி உள்ளே வந்துவிட்டவரை, வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால உத்தரவிலேயே வெளியேற்றலாம் என்பது அதில் உறுதியானது. குகை வழக்கிலும் அதேதான் நடந்தது. அம்மாவும் மூத்த மகனும் தாமதிக்காமல் மனுப் போட்டார்கள். பூட்டைப் போட்டவரே வந்து திறக்க வேண்டியதாயிற்று.

பட்டாவில் பேர் சேர்த்துவிட்டேன், வீட்டு வரியில் பேர் மாற்றிவிட்டேன் என்பதெல்லாம் இங்கே உதவாது. அவை வாசலைத் திறந்துவிடாது.

அப்படியானால் 18 லட்சத்துக்கு அவர் வாங்கியது என்ன? பாகப்பிரிவினை வழக்குப் போடும் உரிமை. அதுதான் அவர் கையில் உண்மையில் இருப்பது. அந்த வழக்கும் வாரிசு போடும் வழக்கு மாதிரி அல்ல. கூட்டு அனுபவத்தில் இருக்கும் வாரிசு ஒரு சிறிய நிலையான கட்டணத்தோடு வழக்குப் போடலாம். வெளியே நிற்கும் இவர் தன் பாகத்தின் சந்தை மதிப்புக்கு நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். முதலில் முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். அது பாகம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு மனு, வீட்டைப் பார்வையிட நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர், சர்வேயர், அறிக்கை, அதற்கு ஆட்சேபணை. இதற்கு நடுவில் மேல்முறையீடு. அத்தனை வருடமும் அவர் போட்ட பணம் முடங்கிக் கிடக்கும்.

பிரிக்க முடியாத வீட்டை ஏலம் விட்டுப் பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் 2-வது பிரிவில் அந்த வழி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க, கேட்பவர்களின் பாகம் சேர்ந்து குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும். கால் பாகக்காரர் தனியாகக் கேட்டு நடக்காது. மற்ற வாரிசுகளில் ஒருவராவது அவரோடு சேர வேண்டும். ரகசியமாக வாங்கியவரோடு யார் சேருவார்கள்?

அதே சட்டத்தின் 4-வது பிரிவுதான் பலருக்கும் தெரியாமல் போகிறது. வெளியாள் பிரிவினை கேட்டு வந்தால், குடும்பத்துப் பாகஸ்தர் ஒருவர் "அந்தப் பாகத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று உறுதி கொடுக்கலாம். கொடுத்தால் நீதிமன்றம் மதிப்புப் போட்டு, அவருக்கே விற்கும்படி உத்தரவிட்டாக வேண்டும். எனக்கு வீடுதான் வேண்டும், பணம் வேண்டாம் என்று வாங்கியவர் மறுக்க முடியாது. குகை வீட்டில் முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு மூத்த மகன் அந்த உறுதியைக் கொடுத்தார். ஆணையர் பொறியாளரோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். கால் பாகத்துக்கு 21 லட்சம் என்று மதிப்பு நின்றது. வாங்கியவர் போட்டது 19,62,000. நீதிமன்றக் கட்டணம், வக்கீல் செலவு, இத்தனை வருட வட்டி எல்லாம் சேர்த்தால் நட்டம்தான். வீட்டில் ஒரு செங்கல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்பாவிடமிருந்து உயிலில்லாமல் நேரடி வாரிசுகளுக்கு வந்த சொத்து என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவும் இருக்கிறது. ஒருவர் விற்கப் போனால் மற்ற வாரிசுகளுக்கே முதல் உரிமை. இதை வைத்தும் வாங்கியவர்மேல் வழக்கு வரும்.

44-வது பிரிவின் இரண்டாம் பத்தியும் பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவும் குடியிருப்பு வீட்டுக்கு மட்டும்தான். ஏற்காட்டில் வாரிசுகள் பொதுவில் வைத்திருக்கும் காப்பித் தோட்டத்தில் ஒருவர் பாகத்தை வாங்கினால் 44-வது பிரிவின் இரண்டாம் பத்தி குறுக்கே வராது. அங்கே கூட்டு அனுபவம் கேட்கலாம். ஆனாலும் எந்த மூலை உங்களுடையது என்ற கேள்வி அங்கேயும் அப்படியேதான் இருக்கும். பூர்வீகச் சொத்தென்றால் இன்னொரு சிக்கல். வாங்கிய வீட்டை மட்டும் பிரித்துக் கேட்க முடியாது. குடும்பத்தின் மொத்தச் சொத்தையும் வழக்கில் சேர்த்துப் பொதுப் பிரிவினைதான் கேட்க வேண்டும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று முன்பணம் கொடுக்காதீர்கள். அப்பா இறந்தபின் பத்திரமே எழுதாத குடும்பத்தில் வில்லங்கச் சான்று சுத்தமாகத்தான் இருக்கும். வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பேரும், கட்டிக்கொடுத்த மகள் உட்பட, கையெழுத்துப் போட வருகிறாரா என்று பாருங்கள். வீட்டுக்கு நேரில் போங்கள். உள்ளே யார் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த விற்பனை தெரியுமா என்று கேளுங்கள். "அவங்களுக்கு இப்போ சொல்ல வேண்டாம், பதிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பாதி விலைக்குத் தருகிறார் என்றால் அது ஏன் பாதி விலை என்று யோசிக்க வேண்டாமா? வாங்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் அவர்களுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியட்டும். அவருக்கென்று தனியாக விழுந்த பகுதியை அதன்பின் வாங்குங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தம்பி கடனில் இருக்கிறார் என்று தெரிந்தால், வெளியாள் வருவதற்கு முன் நீங்களே உட்கார்ந்து பேசி விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள். குடும்பத்துக்குள் அதற்கு முத்திரைச் செலவும் குறைவு. வெளியாள் வந்தே விட்டாரா? கைகலப்புக்குப் போகாதீர்கள். போனால் குற்ற வழக்கு உங்கள்மேல் வந்துவிடும். உடனே தடை உத்தரவுக்கு மனுப் போடுங்கள். 4-வது பிரிவின் உறுதியைக் கொடுக்குமுன் பணத்துக்கு வழி பார்த்து வையுங்கள். மதிப்பு அன்றைய சந்தை விலையில் விழும், பத்திரத்தில் போட்ட விலையில் அல்ல.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து பூட்டோடு போகாதீர்கள். ஆள் வைத்து மிரட்டாதீர்கள். உங்கள் கையில் இருப்பது பிரிவினை கேட்கும் உரிமை. அதை நோட்டீஸில் தெளிவாக எழுதி, குடும்பத்தில் யாராவது உங்கள் பாகத்தை வாங்கத் தயாரா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். பல வருடம் கழித்து ஆணையர் வந்து போடப்போகும் மதிப்பை, இன்றைக்கே இரண்டு தரப்பும் ஒரு பொறியாளரை வைத்துப் போட்டுக்கொண்டு முடித்துவிடலாம்.