ஞாயிறு ஏழு மணி யாருடைய ஏழு மணி?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகன் டொராண்டோவில், மகள் லண்டனில். ஞாயிறுதோறும் மூவரும் வீடியோ அழைப்பில் பேசுவார்கள். மகன் தன் போன் காலண்டரில் போட்டு, வாராவாரம் வருகிற மாதிரி வைத்திருக்கிறார். அம்மாவுக்குக் காலண்டரெல்லாம் கிடையாது, "ஞாயிறு ராத்திரி ஏழு மணி" என்று மனசில் இருக்கிறது. "மார்ச் மாதம் ஒரு ஞாயிறு சரியாக ஏழுக்குப் போனை எடுத்தால், எல்லோரும் பேசி முடித்துக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். மகளும் அன்றைக்கு நேரம் மாறிப்போனது என்றாள். ஆனால் மூன்று வாரம் கழித்து அவளுக்கு மட்டும் பழைய நேரம் திரும்பிவிட்டது, எனக்குத் திரும்பவில்லை. இது எப்படி?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அந்த மூன்று வாரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் பழக்கம் கனடாவிலும் பிரிட்டனிலும் உண்டு, இந்தியாவில் இல்லை. இது தெரிந்ததுதான். ஆனால் இரண்டு நாடும் ஒரே நாளில் தள்ளுவதில்லை. டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு. 2026இல் இவை மார்ச் 8, மார்ச் 29.

இப்போது அந்தக் குடும்பத்தின் அழைப்பை வாரம் வாரமாகப் பார்ப்போம். மார்ச் 1: டொராண்டோவில் காலை 8.30, லண்டனில் மதியம் 1.30, கும்பகோணத்தில் மாலை 7.00. மார்ச் 8: டொராண்டோ கடிகாரத்தில் அதே 8.30தான். ஆனால் அந்தக் கடிகாரம் அன்று விடியற்காலையில் ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது. அதனால் உண்மையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே அழைப்பு தொடங்குகிறது. லண்டனில் 12.30, கும்பகோணத்தில் 6.00. மார்ச் 15, 22இலும் இப்படியே. மார்ச் 29இல் லண்டன் கடிகாரமும் முன்னால் போகிறது, அங்கே மறுபடி 1.30. கும்பகோணத்தில் கடிகாரம் அசையவே இல்லை, ஆகவே ஆறு மணி ஆறாகவே இருக்கிறது, நவம்பர் வரைக்கும். அக்டோபர் 25இல் லண்டன் முதலில் பின்னால் வரும், டொராண்டோ நவம்பர் 1இல்தான் வரும். இடையில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் மகளுக்கு மீண்டும் 12.30. நவம்பர் 1இல் எல்லோருக்கும் பழைய நேரம் திரும்பிவிடும்.

சரி, மகனுக்கு மட்டும் ஏன் ஆண்டு முழுக்க 8.30 நகராமல் நிற்கிறது? இதற்குக் காலண்டர் உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வாராவாரம் வரும் அழைப்பைக் காலண்டர் 52 தனித்தனி நாளாக எழுதி வைப்பதில்லை. இரண்டே வரி:

```
DTSTART;TZID=America/Toronto:20260301T083000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=SU
```

முதல் வரி, "டொராண்டோ கடிகாரத்தில், 2026 மார்ச் 1, 8.30" என்கிறது. இரண்டாவது வரி, "வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை". அவ்வளவுதான். உலகம் முழுக்கக் காலண்டர் செயலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி இது. இதில் கவனிக்க வேண்டியது, கணம் எதுவும் எழுதப்படவில்லை, ஓர் ஊரின் சுவர்க் கடிகாரம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த வாரத்து அழைப்பு எப்போது என்று கேட்டால், செயலி முதலில் அடுத்த ஞாயிறு எந்தத் தேதி என்று பார்க்கிறது. அந்தத் தேதியின்மேல் 8.30 என்று ஒட்டுகிறது. அப்புறம்தான், அன்றைக்கு டொராண்டோ உலகப் பொது நேரத்துக்கு எத்தனை மணி நேரம் பின்னால் இருக்கும் என்று ஓர் அட்டவணையைப் பார்த்து உண்மையான கணத்தைக் கண்டுபிடிக்கிறது. மற்றவர்களின் போன்கள் அந்தக் கணத்தைத் தங்கள் ஊர் நேரமாக மாற்றிக் காட்டுகின்றன.

இந்த வரிசை முக்கியம். ஒரு வாரம் என்றால் ஏழு நாள், ஏழு இருபத்துநான்கு 168 மணி நேரம் என்று நாம் பள்ளியில் படித்தோம். மார்ச் 1 காலை 8.30இலிருந்து மார்ச் 8 காலை 8.30 வரை டொராண்டோவில் ஒருவர் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டால் 167 மணி நேரம்தான் காட்டும். நவம்பர் 1இல் முடியும் வாரத்தில் 169. செயலி 168ஐக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் மகனுக்கு மார்ச் 8இல் 9.30 என்று காட்டியிருக்கும். மணியைக் கூட்டாமல் நாளைக் கூட்டுவதால்தான் அவருடைய 8.30 பிழைக்கிறது.

அந்த அட்டவணை இன்னும் அழகு. கடிகாரம் மாறும் தேதிகளை அது ஆண்டுவாரியாகப் பட்டியல் போடுவதில்லை, விதியாக எழுதுகிறது:

```
Rule  Canada  2007  max  -  Mar  Sun>=8   2:00   1:00  D
Rule  EU      1981  max  -  Mar  lastSun  1:00u  1:00  S
```

`lastSun` நமக்குப் புதிதே இல்லை. "ஆடிக் கடைசி வெள்ளி" என்று சொல்கிறோமே, அதே பேச்சு. எந்த ஆண்டைக் கொடுத்தாலும் தேதி தெரிந்துவிடும். `Sun>=8` என்பது, 8ஆம் தேதியோ அதற்கு அப்புறமோ வருகிற முதல் ஞாயிறு. ஒரு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு 8க்கு முன்னால் வரவே முடியாது, 14ஐத் தாண்டவும் முடியாது. ஆகவே "இரண்டாம் ஞாயிறு" என்பதை இப்படி எழுதினாலே போதும். `2007 max` என்றால், 2007 முதல் மறு அறிவிப்பு வரும்வரை. ஐரோப்பிய வரியில் `1:00u` என்று ஒட்டியிருக்கும் `u`, அந்த ஒரு மணி உலகப் பொது நேரத்தில் என்கிறது. லண்டனும் பாரிசும் ஏதென்சும் ஒரே கணத்தில் மாறுவதற்கு அந்த ஓரெழுத்துதான் காரணம். கனடிய வரியில் அது இல்லை, அங்கே அந்தந்த ஊரின் இரண்டு மணிக்கு மாறுகிறது. இத்தனை விஷயம் ஒரே வரிக்குள்.

ஊர்ப் பெயரை எழுதாமல், "மைனஸ் ஐந்து மணி" என்று நேரடியாக எழுதி வைத்தால் என்ன? இலங்கையைக் கேட்டால் தெரியும். 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, இந்திய நேரத்திலிருந்து விலகினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னால் வந்தது. 2006 ஏப்ரலில் இன்னொரு அரை மணி பின்னால் வந்து, மறுபடி 5.30க்கே திரும்பியது. 2006 தொடக்கத்தில் கொழும்பு உறவினரோடு பேச "ப்ளஸ் ஆறு" என்று குறித்து வைத்தவரின் குறிப்பு ஏப்ரலில் தவறிவிட்டது. `Asia/Colombo` என்று குறித்திருந்தால், அட்டவணை புதுப்பிக்கப்பட்டதும் தானே சரியாகியிருக்கும். 2023 மார்ச்சில் லெபனான் இன்னும் மோசம். கோடை நேரத்தைத் தள்ளிப்போடுவதாக மாற்றத்துக்குச் சில நாள் முன்னால் அரசு அறிவித்தது, பலர் ஏற்கவில்லை, ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, அப்புறம் அரசே பின்வாங்கியது. இவ்வளவு குறுகிய காலத்தில் புது அட்டவணை உலகின் எல்லாப் போன்களுக்கும் போய்ச் சேராது.

அந்த அட்டவணையை யார் வைத்திருக்கிறார்கள்? 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, அப்புறம் பால் எகர்ட் பொறுப்பேற்றார். தன்னார்வலர்கள் அரசிதழ்களையும் பத்திரிகைச் செய்திகளையும் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் இவர்கள்மேல் வழக்குப் போட்டது. எந்த ஊரில் எந்த ஆண்டு எந்த நேரம் இருந்தது என்று, ஜாதகம் கணிப்பதற்காகத் தொகுத்த நூல்களிலிருந்து பழைய தகவல்களை எடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அட்டவணை சில நாள் இணையத்திலிருந்தே இறங்கியது. இணைய முகவரிப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, 2012இல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. எனக்குச் சோதிடத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் பழைய நேரங்களைத் தேடித்தேடித் தொகுத்த உழைப்பு உண்மையான உழைப்பு, அதை மதிக்கிறேன். எனக்கு வருத்தம் வேறு. உலகத்தின் ஒவ்வொரு போனும் நம்பியிருக்கும் ஒரு கோப்பை ஒரு சிலர் தங்கள் சொந்த நேரத்தில் காப்பாற்ற விடுவது சரியில்லை. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இப்படிப்பட்ட பராமரிப்பு வேலைக்கும் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும்.

சோதிடம் என்றதும் இன்னொன்று. ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம் என்று அழைப்பைத் தள்ளிவைக்கும் குடும்பங்கள் உண்டு. டொராண்டோவில் அப்போது விடிந்துகூட இருக்காத மாதங்கள் இருக்கின்றன. பேரனின் முகம் பார்ப்பதற்கு அதை ஒரு காரணமாக வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இனி வாசகியின் வீட்டுக்கு வருவோம். மூன்று ஊரில் யாராவது ஒருவரின் நேரம் நகர்ந்தே ஆக வேண்டும், அதைத் தவிர்க்க வழி கிடையாது. யாருடையது நகரலாம் என்பது மட்டும் நம் கையில். அழைப்பு எந்த ஊர்க் கடிகாரத்தில் கட்டப்பட்டிருக்கிறதோ, அந்த ஊர்க்காரருக்கு நகராது. சென்னை அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நியூயார்க் வாடிக்கையாளர் அவருடைய காலை 9 மணிக்கு வாராந்தரக் கூட்டம் போட்டிருந்தால், இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நவம்பரில் இரவு வண்டிக்குச் சொல்லி வைத்த நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

குடும்பத்தில் போனில் காலண்டர் பார்ப்பவர்கள் நகர்ந்துகொள்ளலாம், அது அவர்களுக்கு நினைவூட்டும். நேரத்தை மனசில் வைத்திருப்பவரின் ஊரில்தான் அழைப்பைக் கட்ட வேண்டும். மகன் அழைப்பைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நேர மண்டலத்தை `Asia/Kolkata` என்று மாற்றி, மாலை 7.00 என்று போட்டு, இனி வரும் எல்லா வாரத்துக்கும் என்று சேமிக்க வேண்டும். பட்டியலில் சென்னை இல்லையே என்று தேட வேண்டாம், இந்தியா முழுமைக்கும் அந்த ஒரு பெயர்தான். `EST` என்று ஏதாவது தென்பட்டால் தொடக் கூடாது. அது கோடையிலும் ஐந்து மணி நேரம் பின்னாலேயே நிற்கும் நேரம், டொராண்டோ கோடையில் நாலுதான்.

மாற்றியது சரியா என்று பார்க்க மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மகன் தன் காலண்டரைக் கோடை மாதம் ஒன்றுக்கும் குளிர் மாதம் ஒன்றுக்கும் நகர்த்தி இரண்டு ஞாயிற்றையும் பார்த்தால் போதும். கோடையில் 9.30, குளிரில் 8.30 என்று காட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே நேரம் காட்டினால் அழைப்பு இன்னும் டொராண்டோவிலேயே கட்டியிருக்கிறது. மகளுக்குக் கோடையில் 2.30, குளிரில் 1.30.

இதை எழுதி அனுப்பியதற்கு வாசகி பதில் போட்டிருந்தார். மகளுக்குக் கோடையில் இரண்டரை என்பது பிள்ளைகளின் நீச்சல் வகுப்போடு மோதுகிறதாம். அதனால் கும்பகோணத்தில் ஆறரைக்குக் கட்டிவிட்டார்கள். டொராண்டோவில் கோடைக்கு 9, குளிருக்கு 8. குளிரில் எட்டு மணிக்கு எழுந்துவிடுவதாக மகன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.