நள்ளிரவா, விடியற்காலையா? நேட் பதிவைப் பிடித்துக்கொண்டு ஒரு கருவியைத் தேடிப்போன கதை

கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாட்ஜின் நெட்வொர்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன். 2024 மே மாதம் அந்த லாட்ஜுக்கு இணைய நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் முகவரியிலிருந்து வெளியே ஒரு கணினிக்குள் நுழைய யாரோ முயன்றிருக்கிறார்கள், பார்த்துச் சரிசெய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதோடு ஒரே ஒரு வரி ஆதாரம் இருந்தது. முகவரிகளை மட்டும் மாற்றி, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களைப் போட்டு இங்கே தருகிறேன்.

```
2024-05-14T00:12:09Z  TCP
203.0.113.10:41872 -> 198.51.100.23:23
```

`203.0.113.10` என்பது லாட்ஜின் பொது ஐபி முகவரி. விருந்தினர்களின் கைபேசிகள், ரிசப்ஷன் கணினி, டிவி, கேமரா என்று உள்ளே எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகம் பார்ப்பது இந்த ஒரு முகவரியைத்தான். ஆகவே ஐபி முகவரியை வைத்துக்கொண்டு ‘இந்த லாட்ஜ்’ என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ஒரு கருவியை நோக்கிக் கைகாட்டுவது அதன் பின்னால் ஒட்டியிருக்கும் 41872 என்ற போர்ட் எண்.

ரவுட்டர் முகவரியை மாற்றி அனுப்பும் முறைக்குப் பெயர் நேட், அது செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். ஒரு கைபேசி வெளியே ஒரு இணைப்பைத் தொடங்கும்போது அதன் பாக்கெட்டில் அனுப்புநராக உள்முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் இருக்கும். வாயிலில் நிற்கும் ரவுட்டர் அந்த இரண்டையும் அழித்துவிட்டு, லாட்ஜின் பொது முகவரியையும் தன்னிடம் காலியாக இருக்கும் ஒரு போர்ட் எண்ணையும் எழுதி அனுப்பிவிடும். பதில் திரும்பி வரும்போது யாரிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக இந்த மாற்றத்தை ஒரு அட்டவணையில் வைத்திருக்கும். இணைப்பு முடிந்ததும் அந்த வரி அட்டவணையிலிருந்து போய்விடும், அந்தப் போர்ட் எண் வேறொரு கருவிக்குப் போகலாம். லாட்ஜ் ரூம் சாவி போலத்தான். 204-ஆம் ரூம் சாவி இன்று காலை ஒருவரிடம், மாலை இன்னொருவரிடம். சாவி எண்ணை மட்டும் சொல்லி ஆளைக் கேட்டால் ரிசப்ஷனில் பதில் கிடைக்காது, எந்த நேரத்தில் என்றும் சொல்ல வேண்டும்.

அட்டவணை அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வரி பிறக்கும்போதும் இறக்கும்போதும் அதை வேறொரு இடத்தில் எழுதி வைப்பதைத்தான் நேட் பதிவு என்கிறோம். அந்த லாட்ஜின் வாயிலில் இருப்பது லினக்ஸில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஓடும் கட்டளை இது.

```
conntrack -E -o timestamp -e NEW,DESTROY
```

இதன் வெளியீடு ரிசப்ஷனுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய கணினியில் நாள்வாரியாகச் சேர்கிறது.

நான் போவதற்குள் ரிசப்ஷனில் இருந்த பையன் அந்தக் கோப்பைத் திறந்து தேடியிருந்தான். மே 14, இரவு 12 மணி 12 நிமிடம், போர்ட் 41872. கிடைத்தது 192.168.20.33. அது ஒரு கைபேசி. எந்த ரூமுக்குக் கொடுத்த வைஃபை கூப்பனில் நுழைந்தது என்பதும் தெரிந்துவிட்டது. மேனேஜர் அண்ணாச்சி கோபத்தில் இருந்தார்.

“தம்பி, அந்த ரூம்ல தங்கினது ஒரு காலேஜ் பையன்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேற யாரு இதெல்லாம் செய்வா? அட்ரஸ் இருக்கு, போன் போட்டுக் கேட்டுருவோம்.”

“அண்ணாச்சி, பத்து நிமிஷம் பொறுங்க. அந்த வரியை நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன்” என்றேன்.

பார்த்ததும் ஒன்று உறுத்தியது. அந்தக் கைபேசி 41872 என்ற வெளிப்போர்ட்டைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் அது போன இடம் 198.51.100.23 அல்ல, வேறு ஏதோ ஒரு முகவரியின் 443-ஆம் போர்ட், அதாவது சாதாரண இணையதளம். புகாரில் இருப்பதோ 23-ஆம் போர்ட், தொலைவிலிருந்து ஒரு கருவிக்குள் நுழையும் பழைய வழியான டெல்நெட். சேருமிடம் ஒத்துப்போகவில்லை என்றால் அது நாம் தேடும் வரி இல்லை. லினக்ஸ் நேட் ஒரே வெளிப்போர்ட்டை, சேருமிடம் வேறாக இருந்தால், ஒரே நொடியில்கூட இரண்டு கருவிகளுக்குக் கொடுக்கும். அதனால்தான் முகவரி, போர்ட், நேரம் மூன்றும் பொருந்தினாலும் சேருமிடத்தையும் ஒப்பிடாமல் நான் ஒருவர் பெயரைச் சொல்வதில்லை.

பிழை நேரத்தில் இருந்தது. புகாரின் நேரத்துக்குக் கடைசியில் ஒரு `Z` இருக்கிறது பாருங்கள். அது உலகப் பொது நேரமான யுடிசி என்பதற்கான அடையாளம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே 00:12:09 என்பது நம் ஊரில் காலை 5:42:09. மே மாத நடுவில் குமரியில் சூரியன் எழுவது ஆறு மணியை ஒட்டி. 5:42-க்கு லாட்ஜில் தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ நின்றிருப்பார்கள். அந்த நேரத்துக்குப் பதிவைத் திருப்பினால் இந்த வரி வந்தது.

```
[1715645528.914203] [NEW] tcp 6 120 SYN_SENT
 src=192.168.20.47 dst=198.51.100.23
 sport=51544 dport=23 [UNREPLIED]
 src=198.51.100.23 dst=203.0.113.10
 sport=23 dport=41872
```

பதிவில் இது ஒரே வரி, படிக்க வசதியாக மடித்திருக்கிறேன். இதில் முகவரிகள் இரண்டு முறை வருவது புதியவர்களைக் குழப்பும். முதல் பாதி, பாக்கெட் உள்ளேயிருந்து கிளம்பியபோது இருந்த நிலை. 192.168.20.47 என்ற கருவி, 51544 என்ற தன் போர்ட்டிலிருந்து கிளம்பியிருக்கிறது. இரண்டாம் பாதி, பதில் வந்தால் எப்படி வரும் என்று ரவுட்டர் எதிர்பார்ப்பது. அதில் கடைசியாக இருக்கும் `dport=41872`தான் வெளியுலகம் பார்த்த எண். 51544 வெளியே போகும்போது 41872 ஆகிவிட்டது. லினக்ஸ் வழக்கமாக உள்போர்ட் எண்ணையே வெளியிலும் வைத்துக்கொள்ளப் பார்க்கும், இந்தப் பெட்டியில் போர்ட்டைக் கலைத்துப்போடும்படி அமைத்திருந்ததால் மாறியிருக்கிறது. முன்னால் இருக்கும் நீண்ட எண், 1970-இலிருந்து எண்ணிய நொடிகள். `TZ=Asia/Kolkata date -d @1715645528` என்று கொடுத்தால் காலை 5:42:08 என்று காட்டும். புகாருக்கும் இதற்கும் ஒரு நொடிகூட முழுதாக வித்தியாசம் இல்லை. வாயில் பெட்டியின் கடிகாரம் நேர சர்வரோடு ஒத்திசைந்து ஓடியதால் கிடைத்த பலன் இது. கடிகாரம் மூன்று நிமிடம் தள்ளி இருந்திருந்தால், அதே போர்ட் அதற்குள் வேறு கைக்குப் போயிருக்கலாம்.

சரி, 192.168.20.47 யார்? உள்முகவரியும் வாடகைதான். விருந்தினர் நெட்வொர்க்கில் அறுபது முகவரிகள்தான் இருந்தன, ஆள் மாறமாற அவை கைமாறிக்கொண்டே இருக்கும். யாருக்கு எப்போது கொடுத்தோம் என்பது டிஹெச்சிபி பதிவில் இருக்கும். அதில் பார்த்தால் .47 முந்தின இரவு ஒரு கைபேசியிடம் இருந்திருக்கிறது, அதன் வாடகைக் காலம் 1:20-க்கு முடிந்திருக்கிறது. பிறகு கொஞ்ச நேரம் மின்சாரம் போய் வந்தபின், 4:51-க்கு அதே முகவரி வேறொரு மேக் முகவரிக்கு, அதாவது வேறொரு கருவியின் அடையாள எண்ணுக்குப் போயிருக்கிறது. இங்கேயும் நேரத்தைப் பார்க்காமல் முகவரியை மட்டும் தேடியிருந்தால் இன்னொரு அப்பாவியிடம் போய் நின்றிருப்போம்.

அந்த மேக் முகவரி கைபேசியுடையது போல இல்லை. ஆண்ட்ராய்டு 10-க்கும் ஐஓஎஸ் 14-க்கும் பிறகு கைபேசிகள் வைஃபையில் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, உருவாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட முகவரியில் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். இது அப்படி இல்லை, முதல் பாதி ஒரு கேமரா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் மேக் அட்டவணையைத் திறந்தேன். பொதுவாக அந்த அட்டவணை ஐந்து நிமிடம் பேச்சே இல்லாத கருவியை மறந்துவிடும், ஆகவே கருவி அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தால்தான் பயன். இயங்கிக்கொண்டிருந்தது, 14-ஆவது துளையில். கேபிளில் பெயர் ஒட்டவில்லை. கையால் தடவிக்கொண்டே இரண்டாம் மாடி வரை போனோம். துணி அடுக்கும் அறையில் அலமாரிக்கு மேலே தூசியோடு ஒரு டிவிஆர். நடைவழிக் கேமராக்களைப் பதிவுசெய்யும் பெட்டி. அதைப் பொருத்தியவர் பக்கத்துச் சுவரில் இருந்த விருந்தினர் நெட்வொர்க் துளையிலேயே செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு வரி பொருந்தியதை வைத்து முடிவுக்கு வர எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்று காலை .47 செய்த எல்லா இணைப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான வெவ்வேறு முகவரிகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. அனைத்தும் 23-ஆம் போர்ட், ஏறக்குறைய பத்தில் ஒன்று மட்டும் 2323. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. 2016-இல் மூலநிரல் வெளியே கசிந்த மிராய் என்ற தீநிரல் தேடுவது இந்த முறையில்தான், பத்தில் ஒரு முறை 2323-ஐத் தட்டுவது அதன் நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் வழிவந்த ஏதோ ஒன்று இந்த டிவிஆரில் ஏறியிருக்கிறது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் வெளியிலிருந்து எப்படி ஏறும் என்று அண்ணாச்சி கேட்டார். வீட்டிலிருந்தபடி கைபேசியில் கேமரா பார்க்க வசதியாக, டிவிஆர் தானே யுபிஎன்பி என்ற வசதி வழியாக ரவுட்டரிடம் கேட்டு ஒரு துளையைத் திறந்து வைத்திருந்தது. மிராய் நினைவகத்தில் மட்டும் தங்கும், மின்சாரம் போனால் அழிந்துவிடும். ஆனால் கதவு திறந்தே கிடந்ததால், 4:51-க்கு உயிர்பெற்ற பெட்டி 5:42-க்குள் மறுபடியும் பிடிபட்டிருக்கிறது.

எல்லாப் புகாரையும் இவ்வளவு தூரம் தொடர முடியாது. பல இணையதளங்களின் பதிவில் வந்தவரின் ஐபியும் நேரமும்தான் இருக்கும், போர்ட் இருக்காது. சர்வர் நடத்துபவர்கள் அதையும் எழுதிவைக்க வேண்டும் என்று 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6302 என்ற இணைய நெறிமுறை ஆவணம் பரிந்துரைக்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் பதிவு அமைப்பில் `$remote_port` என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். போர்ட் இல்லாத புகாரில் சேருமிடத்தைக் கொண்டு தேடலாம். ஆனால் அது எல்லோரும் போகும் பெரிய தளமாக இருந்தால் ஒரே நொடியில் பத்துக் கருவிகள் நிற்கும். நம் ரவுட்டருக்கே 100.64-இல் தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், இணைய நிறுவனத்திடம் இன்னொரு நேட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது முதல் பாதித் தடம் அவர்களுடைய பதிவில். அதேபோல ஒரு விருந்தினர் தன் சொந்தக் குட்டி ரவுட்டரைச் செருகியிருந்தால் நம் தடம் அந்த ரவுட்டரோடு நின்றுவிடும்.

இந்தப் பதிவை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதற்கும் விதி உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை தேசிய நேர சர்வரோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. அதே பதிவில் தங்க வந்தவர்கள் எங்கெங்கே போனார்கள் என்பதும் இருக்கிறது. அதனால் அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்லை ரிசப்ஷனிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அண்ணாச்சியும் நானும் சேர்ந்துதான் திறக்க முடியும்.

யுபிஎன்பியை நிறுத்தி, டிவிஆரின் நிரலைப் புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றி, வெளியே போக முடியாத தனி நெட்வொர்க்கில் மாட்டினோம். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதிவில் `grep -w 'dport=23'` என்று தேடினேன். ஒரு வரியும் வரவில்லை. இணைய நிறுவனத்துக்கு எழுதிய பதிலில் நேரத்தை யுடிசி, இந்திய நேரம் இரண்டிலும் போட்டு அனுப்பினேன்.