"கண்டிப்பா வர்றோம்" என்றால் எத்தனை தட்டு?

மண்டபத்துப் பந்தியில் பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் சமையல்காரர் சமாளித்துவிடுவார். ஓட்டலில் ரிசப்ஷன் வைத்தால் கதை வேறு. இத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்த 'கேரண்டி' எண்ணைவிட ஆள் குறைந்தாலும், பில் அந்த எண்ணுக்குத்தான் வரும். தட்டு 1,500 ரூபாய் என்றால், வராத 40 பேருக்கு 60,000 ரூபாய், வரி தனி.

கல்யாண ஏற்பாட்டுத் தொழிலில் நான் முதலில் கேட்பது, ஓட்டல் எப்போது எண்ணிக்கை கேட்கிறது என்பதைத்தான். 21ஆம் தேதி ஞாயிறு மாலை ரிசப்ஷன். 18ஆம் தேதி வியாழனுக்குள் எண் வேண்டும் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர் 18ஐயே விருந்தினருக்கும் கெடுவாகச் சொல்லிவிடுவார்கள். பதில் வராதவர்களை அப்புறம் எப்போது கூப்பிடுவது? போன் பேச மூன்று நாள் ஒதுக்கினால் கெடு 14ஆம் தேதி ஞாயிறு இரவு. ஞாயிறு என்றால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், கேட்டுப் பதில் சொல்ல வசதி. செய்தியை மூன்று வாரம் முன்பு அனுப்பினால் போதும். இரண்டு மாதம் முன்பே கேட்டால் "லீவு தெரியலையே" என்பதுதான் பதில்.

அடுத்தது வாசகம். "வருகையை உறுதிப்படுத்தவும்" என்று போட்டால் "கண்டிப்பா வர்றோம்" என்று வரும், இல்லையென்றால் ஒரு கும்பிடு எமோஜி. கல்யாணத்துக்கு அழைத்தவரிடம் "வரமாட்டோம்" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? அதனால் வருவீர்களா என்று கேட்காமல், எண்ணைக் கேளுங்கள்:

"அத்தை, 21ஆம் தேதி ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டில் நாலு பேருக்கு இடம் வைத்திருக்கிறோம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று 14ஆம் தேதி ஞாயிறு இரவுக்குள் எனக்கு ஒரு எண் மட்டும் அனுப்புங்கள். ஓட்டலில் சொல்ல வேண்டும். திங்கள் காலை முகூர்த்தத்துக்கு மட்டும் வருவதானால் 'காலை' என்று போடுங்கள்."

நாலு என்று நாமே சொல்லிவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்து வரமாட்டார். 'காலை' என்ற சொல், ரிசப்ஷனுக்கு வர முடியாதவர் மனம் கோணாமல் விலக ஒரு வழி. இதைக் குடும்பக் குரூப்பில் போடாதீர்கள். அங்கே ஒருவர் "வர்றோம்" என்றதும் எல்லோரும் அதையே சொல்வார்கள். தனித்தனியாக அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கு வாட்ஸ்அப் வேண்டாம், போன்தான். அங்கேயும் "வருவீங்கதானே" என்று கேட்காதீர்கள். "பெரியப்பா, எந்த டிரெயின்? ரூம் ஒண்ணு போதுமா, ரெண்டு போடவா?" என்று கேளுங்கள். டிக்கெட் போட்டவர் டிரெயின் பெயரைச் சொல்லிவிடுவார். "பாத்துட்டுச் சொல்றேம்ப்பா" என்றால், பெரும்பாலும் வரப்போவதில்லை.

புதன் இரவு வரை எண் சொல்லாத வீடுகளைக் கேரண்டியில் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் எத்தனை சதவீதம் கூடுதலாகச் சமைத்து வைப்பார்கள் என்று ஓட்டலிடம் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். திடீரென்று வருகிறவர்கள் அந்தக் கணக்கில் சாப்பிட்டுக்கொள்வார்கள், வந்த தலைக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.