முன்னால் நிற்கும் ஒரு பாக்கெட்

ரவுட்டரில் விசித்திரமான ஒரு கோளாறு உண்டு. வெளியே போகும் எந்த இணைப்பும் நிரம்பியிருக்காது, ஒவ்வொன்றும் இடையிடையே சும்மா கிடக்கும். ஆனால் உள்ளே வரும் பக்கத்தில் இடம் போதாமல் பாக்கெட்டுகள் தூக்கியெறியப்படும். போகிற பாதை காலி, வருகிற வாசலில் நெரிசல். கேபிள் சரி, வேகம் சரி, அமைப்புகளும் சரி. அப்படியானால் எங்கே தடை?

பெட்டிக்குள்ளே போய்ப் பார்க்கலாம். உள்ளீட்டு போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டின் சேருமிட முகவரியைப் பார்த்து, அது எந்த வெளியீட்டு போர்ட் வழியாகப் போக வேண்டும் என்று அந்த போர்ட்டிலேயே முடிவாகிவிடும். பெரிய ரவுட்டர்களில் அடுத்ததாகப் பாக்கெட்டைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்குவார்கள். துண்டு 64 பைட் என்றால், 10 ஜிகாபிட் இணைப்பில் அது கடந்துபோக ஏறத்தாழ 51 நானோ விநாடி ஆகும். இந்தக் கால அளவை ஒரு ‘முறை’ என்று வைத்துக்கொள்வோம். துண்டுகளை உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் நடுவில் இருக்கும் ஸ்விட்சிங் ஃபேப்ரிக்கின், சுருக்கமாக ஸ்விட்சின், வேலை. அது கிராஸ்பார் வகையாக இருந்தால், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள் ஓடும். அவை சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இணைக்கவும் பிரிக்கவும் ஒரு சின்னச் சுவிட்சு இருக்கும். ஒரே முறையில் பல ஜோடிகள் இணையலாம். ஆனால் ஓர் உள்ளீட்டுக்கு ஒரு வெளியீடு, ஒரு வெளியீட்டுக்கு ஓர் உள்ளீடு, அவ்வளவுதான்.

ஒரே வெளியீட்டைக் கேட்டு இரண்டு துண்டுகள் வந்தால் ஒன்று காத்திருக்க வேண்டும். எங்கே காத்திருப்பது? வெளியீட்டுப் பக்கத்தில் வரிசை வைப்பதுதான் இருப்பதிலேயே நல்ல ஏற்பாடு. வந்ததை எல்லாம் அந்தக்கணமே அந்தப் பக்கம் தள்ளிவிட்டால், வெளியீடு ஒருபோதும் வீணாகச் சும்மா இருக்காது. ஆனால் அதற்கான விலை அதிகம். 16 போர்ட்டுகளும் ஒரே வெளியீட்டுக்கு அனுப்பினால், அந்த வெளியீட்டின் நினைவகம் விநாடிக்கு 160 ஜிகாபிட்டை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். போர்ட் எண்ணிக்கை ஏற ஏற நினைவகத்தின் வேகமும் அதே மடங்கில் ஏற வேண்டும். நினைவகம் அந்த வேகத்தில் வளர்ந்ததில்லை.

அதனால் வரிசை உள்ளீட்டுப் பக்கத்துக்கு வந்தது. ஒவ்வோர் உள்ளீட்டிலும் ஒரே ஒரு வரிசை, முதலில் வந்தது முதலில் போகும். நினைவகம் இணைப்பின் வேகத்துக்கு ஈடு கொடுத்தால் போதும். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. வரிசையின் முன்னால் நிற்கும் துண்டுக்கு வெளியீடு ‘அ’ வேண்டும், அதை வேறோர் உள்ளீடு பிடித்துவிட்டது. பின்னால் நிற்பதற்கு வேண்டிய ‘ஆ’வோ காலியாக இருக்கிறது. ஆனாலும் அது நகர முடியாது, முன்னால் இருப்பது வழிவிட்டால்தானே? இதைத்தான் ஹெட் ஆஃப் லைன் பிளாக்கிங் என்கிறார்கள். வரிசைத்தலை அடைப்பு என்று சொல்லலாம்.

இதனால் எவ்வளவு வீணாகிறது என்பதைக் காகிதமே இல்லாமல் கணக்கிடலாம். இரண்டு உள்ளீடு, இரண்டு வெளியீடு. இரண்டு வரிசைகளும் எப்போதும் நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ‘அ’வுக்கா ‘ஆ’வுக்கா என்பது காசு சுண்டிப் பார்ப்பது போல. முன்னால் நிற்கும் இரண்டும் வெவ்வேறு வெளியீட்டைக் கேட்டால் இரண்டும் போய்விடும், புதிதாக இரண்டு முன்னுக்கு வரும். அவை மோதிக்கொள்ளும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதலிலேயே மோதியிருந்தால் ஒன்று போகும், ஒன்று நிற்கும். போனதன் இடத்துக்குப் புதிதாக வருவது, நிற்பதோடு மோதும் வாய்ப்பும் பாதிக்குப் பாதிதான். ஆகவே எப்படிப் பார்த்தாலும் பாதி முறைகளில் இரண்டு துண்டுகள், மீதிப் பாதியில் ஒன்று. சராசரி ஒன்றரை. இரண்டு போக வேண்டிய இடத்தில் ஒன்றரை என்றால் 75 சதவீதம். கால்வாசித் திறன் போய்விட்டது.

போர்ட்டுகள் கூடினால் நிலைமை இன்னும் மோசமாகும். நான்கு போர்ட் என்றால் 65.5 சதவீதம். மிகப் பெரிய ஸ்விட்சில் இது 2 − √2, அதாவது 58.6 சதவீதத்தில் போய் நிற்கும் என்று 1987-இல் கரோல், ஹ்லூச்சி, மார்கன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நிறுவினார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மோதலில் தோற்ற துண்டை நிறுத்தி வைக்காமல் தூக்கியெறிந்துவிட்டால், அதே பெரிய ஸ்விட்ச் 63 சதவீதம் ஓடும்! பத்திரமாக வைத்திருப்பதைவிட எறிவதில் அதிகம் போகிறது. நிற்கிற துண்டு அதே நெரிசலான வெளியீட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம். அதற்காக யாரும் எறியச் சொல்ல மாட்டார்கள், மூன்றில் ஒன்றுக்கு மேல் தொலைந்துபோகுமே.

தீர்வு சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கும்: ஒரே வரிசையை உடைத்துவிடு. ஒவ்வோர் உள்ளீட்டிலும் வெளியீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி வரிசை வை. ‘அ’வுக்கானவை ஒருபுறம் நிற்கட்டும், ‘ஆ’வுக்கானவை மறுபுறம் போகட்டும். இவற்றுக்கு விர்ச்சுவல் அவுட்புட் க்யூ என்று பெயர். 16 போர்ட் ஸ்விட்சில் இப்படி 256 வரிசைகள் இருக்கும். ஆனால் அவை அந்தந்த உள்ளீட்டின் ஒரே நினைவகத்துக்குள் குறித்துவைக்கும் கணக்குதான் என்பதால் அது பெரிய பாரமில்லை.

பாரம் இடம் மாறி இன்னொரு தலையில் ஏறுகிறது. ஒவ்வொரு முறையிலும் எந்த உள்ளீட்டை எந்த வெளியீட்டோடு ஜோடி சேர்ப்பது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும், அதுவும் அந்த 51 நானோ விநாடிக்குள். மிகச் சிறந்த ஜோடிகளைத் தேட அந்த நேரம் போதாது. கணினி அறிவியலாளர் நிக் மெக்கியோன் உருவாக்கிய ஐ-ஸ்லிப் என்ற வழி இதைச் சாமர்த்தியமாகக் குறுக்குகிறது. உள்ளீடுகள் தமக்கு வேண்டிய வெளியீடுகளை எல்லாம் கேட்கும். அடுத்து யாருக்கு என்பதைக் காட்ட ஒவ்வொரு வெளியீட்டிடமும் கடிகார முள் போல ஒரு முள் உண்டு; அது காட்டும் உள்ளீட்டுக்கு வெளியீடு சம்மதம் சொல்லும். கிடைத்த சம்மதங்களில் ஒன்றை உள்ளீடு ஏற்றுக்கொள்ளும்.

சூட்சுமம் முழுக்க அந்த முள் எப்போது நகர்கிறது என்பதில் இருக்கிறது. நம்முடைய இரண்டு போர்ட் ஸ்விட்சையே எடுத்துக்கொள்வோம். எல்லா வரிசைகளும் நிரம்பியிருக்க, இரண்டு வெளியீடுகளின் முள்ளும் உள்ளீடு 1-ஐக் காட்டுகின்றன. இரண்டும் 1-க்கே சம்மதம் சொல்ல, அது ‘அ’வை ஏற்கிறது, ‘ஆ’ வீண். சம்மதம் சொன்னதுமே முள் நகரும் என்றால், இரண்டும் சேர்ந்தே 2-க்குப் போகும், மறுபடி அங்கேயும் ஒன்று வீண். அதாவது காலாகாலத்துக்கும் 50 சதவீதம். புதிய வரிசைகளை வைத்த பிறகு பழையதைவிட மோசம்! ஐ-ஸ்லிப்பில், ஏற்கப்பட்டால்தான் முள் நகரும். ஆகவே ‘அ’வின் முள் 2-க்குப் போகிறது, ‘ஆ’வின் முள் 1-லேயே நிற்கிறது. அடுத்த முறையில் இரண்டும் வெவ்வேறு உள்ளீடுகளைக் கூப்பிடும், இரண்டும் ஏற்கப்படும், இரண்டு முள்ளும் இடம் மாறும். அதிலிருந்து ஒரு முறைகூட வீணாகாது. முதல் மோதலே அவற்றைப் பிரித்துவிட்டது.

ஆனால் ஒரு வெளியீட்டுக்கு உண்மையிலேயே தாங்க முடியாத அளவுக்கு வந்தால் இது எதுவும் உதவாது, அதன் வரிசை வளரத்தான் செய்யும். அப்போது அந்த ஒரு வரிசையை உள்ளீட்டின் நினைவகம் முழுவதையும் விழுங்க விட்டால், மற்ற வெளியீடுகளுக்கு வரும் பாக்கெட்டுகளுக்கு இடமில்லாமல் போகும்; பழைய கோளாறு பின்வாசல் வழியாக வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் உச்சவரம்பு வைக்க வேண்டும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. ஈதர்நெட்டில், இடம் நிரம்பிய கருவி எதிர்முனைக்கு ‘நிறுத்து’ என்று சொல்லும் பாஸ் ஃபிரேம் உண்டு. அதைக் கேட்டதும் எதிர்முனை அந்த இணைப்பில் எல்லாவற்றையும் நிறுத்திவிடும், நெரிசலோடு சம்பந்தமே இல்லாத பாக்கெட்டுகள் உட்பட. கருவிக்குள் வரிசைகளை எவ்வளவு பிரித்து வைத்தாலும் கேபிளில் மறுபடி ஒரே வரிசைதான். முதலில் சொன்ன அறிகுறி தெரிந்தால், போர்ட்டின் கணக்குகளில் உள்ளீட்டில் கைவிடப்பட்டவற்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், பாஸ் ஃபிரேம் எத்தனை வந்தது, எத்தனை போனது என்பதையும் பார்ப்பது இதனால்தான்.